15,000 கேம் உள்ளே இருக்கிறதாம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

"R36S, 64 ஜிபி, 15,000 கேம்" என்று பெரிய எழுத்தில் போட்டு மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு, பழைய வீடியோ கேம்களைக் கையில் பிடித்து விளையாடும் ஒரு சின்னக் கருவியை விற்கிறார்கள். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் ஐந்நூறு ரூபாய் சுமாருக்கு "400 இன் 1" பெட்டி. இன்னும் தேடினால், உரிமம் வாங்கிச் செய்த கருவி ஒன்று தட்டுப்படும். விலை அதிகம், உள்ளே இருப்பதோ பன்னிரண்டே கேம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் அந்த 15,000 கேமையும் கார்டில் ஏற்ற விற்பவருக்குக் காசு எதுவும் ஆவதில்லை. ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு நகல் எடுப்பதோடு அவர் வேலை முடிந்தது.

இதை வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கிறது என்பதைத்தான். ஒன்று கருவி: திரை, பொத்தான், பேட்டரி, சிப். இன்னொன்று கேம் நிறைந்த மெமரி கார்டு. கருவி பெரும்பாலும் கொடுத்த காசுக்கு மோசமில்லை, சட்டத்திலும் அதற்குத் தடையில்லை. வழக்கு வம்பு வருவதும் கார்டால்தான், முதலில் பழுதாவதும் கார்டுதான்.

ஐந்நூறு ரூபாய்ப் பெட்டி

முதலில் மலிவானதை முடித்துவிடலாம். "சுப்" என்று பெயர் போட்டு வரும் அந்த 400 இன் 1 பெட்டியில் மெமரி கார்டு கிடையாது. நின்டெண்டோவின் பழைய 8-பிட் கன்சோலை அப்படியே ஒரு சிப்பில் அடக்கி, கேம்களையும் உள்ளேயே பதித்துவிட்டார்கள். புதிதாக எதையும் சேர்க்க முடியாது, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது. 400 என்பதும் பேச்சுக்குத்தான். ஒரே கேமை நிறம் மாற்றி, பெயர் மாற்றி, மூன்றாம் லெவலில் தொடங்க வைத்துத் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இருந்த "9999 இன் 1" கேசட்டும் இதே வித்தைதான்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பேட்டரி பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி வகை. எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும், கழற்றி மாட்டலாம். கூடவே வந்த பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிப் போடுவது நல்லது. வாங்கும்போது உறையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் IS 16046 என்ற எண்ணும், R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது என்று வரும். வராவிட்டால் அந்த முத்திரைக்கு அர்த்தமில்லை.

இரண்டு வாரத்தில் குழந்தைக்குச் சலித்துவிடும் என்று தெரிந்தே வாங்குவதானால் சரி. ஆனால் இதிலுள்ள கேம்களும் அனுமதியில்லாமல் பதித்தவையே. அவற்றை நீக்கவும் வழியில்லை.

நாலாயிரம் ரூபாய்க் கருவி

இப்போது R36S. இந்த விலையில் அதிகம் கண்ணில் படுவது இதுதான், அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன். அன்பெர்னிக், மியூ போன்ற பிராண்டுகளின் கருவிகளுக்கும் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

உள்ளே ராக்சிப் RK3326 என்ற சிப், ஒரு ஜிபி ராம், மூன்றரை அங்குலத் திரை. கீழே இரண்டு கார்டு துளை: ஒன்றில் இயங்குதளம், மற்றதில் கேம். 8-பிட், 16-பிட் கேம்கள், கேம்பாய் அட்வான்ஸ், முதல் பிளேஸ்டேஷன் வரை நன்றாக ஓடும். நின்டெண்டோ 64, பிஎஸ்பி, டிரீம்காஸ்ட் என்று மெனுவில் இருப்பவற்றில் இலகுவானவை ஓடும், மற்றவை திக்கித் திணறும். விற்பவர் அந்த ஃபோல்டர்களையும் சேர்த்துத்தான் 15,000 என்று கணக்குக் காட்டுகிறார். ஒரே கேமின் அமெரிக்கப் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்பு, ஜப்பானியப் பதிப்பு மூன்றும் அந்தக் கணக்கில் அடங்கும்.

நம்பகத்தன்மை பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, பக்கத்திலிருந்து பார்த்த ஒரு கருவியின் கதையைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மகனுக்காக வாங்கினார். சில வாரம் பிரச்சினை இல்லை. அப்புறம் இரண்டு மூன்று கேம் திறக்காமல் மெனுவுக்கே திரும்பி வந்தன. பிறகு சேமித்த ஆட்டங்கள் காணாமல் போயின. ஒரு நாள் ஆன் செய்தால் லோகோவோடு நின்றுவிட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, கார்டுக்கு வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது.

இந்த வரிசை தற்செயலானதல்ல. இவற்றோடு வரும் கார்டுகள் பெரும்பாலும் பெயரில்லாத மலிவு ரகம், சிலவற்றில் பெரிய பிராண்டின் பெயரைப் போலியாக அச்சடித்திருப்பார்கள். ஃபிளாஷ் நினைவகத்தில் அங்கங்கே சில பகுதிகள் முதலில் கெடும். அங்கே இருந்த கேம்கள் திறக்காது. இயங்குதளத்தின் பகுதி கெடும்போதுதான் கருவி முழுதாக நின்றுபோகும். குழந்தைகள் செய்யும் காரியமும் இதை வேகப்படுத்துகிறது. இது ஒரு சின்ன லினக்ஸ் கணினி; மெனுவில் போய் முறைப்படி அணைக்க வேண்டும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும்.

அவர் புதுக் கார்டு வாங்கி, ஆர்க்ஓஎஸ் என்ற இலவச இயங்குதளத்தை இறக்கி ஏற்றினார். திரை கறுப்பு. ஒலி மட்டும் கேட்டது. கருவியே செத்துவிட்டதென்று முடிவு கட்டும் நிலைக்கு வந்துவிட்டார். உண்மையில் கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. R36S என்று ஒரே பெயரில் விற்றாலும், தொழிற்சாலையில் அன்றைக்கு எந்தத் திரை மலிவாகக் கிடைத்ததோ அதை மாட்டுகிறார்கள். இன்ன திரை மாட்டியிருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்வது, கார்டின் BOOT பகுதியில் இருக்கும் .dtb என்று முடியும் ஃபைல்கள். அவை பொருந்தாவிட்டால் படம் வராது. அதிர்ஷ்டவசமாகப் பழைய கார்டின் BOOT பகுதியைக் கணினியால் படிக்க முடிந்தது. அதிலிருந்த .dtb ஃபைல்களை எடுத்துப் புதுக் கார்டின் BOOT பகுதியில் அதே பெயர்களின் மேல் போட்டதும் திரை வந்துவிட்டது.

பழைய கார்டு முழுதாகப் போயிருந்தால் எந்தத் திரை என்று ஊகித்து ஊகித்துப் பார்த்திருக்க வேண்டும். R36S-க்கே போலிகள் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே அச்சு அசல், உள்ளே வேறு போர்டு. அவற்றில் வழக்கமான ஆர்க்ஓஎஸ் ஏறாது. சில நூறு ரூபாய் குறைவு என்று கிடைப்பவற்றில் இந்த ஆபத்து அதிகம். ஆன் செய்யும்போது ஆர்க்ஓஎஸ் வராமல் வேறு பெயர் வந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் அனுப்பிவிடுவதே நல்லது.

ஆகவே கருவி கைக்கு வந்ததும் விளையாட உட்காராமல், இயங்குதளக் கார்டைக் கழற்றி, BOOT பகுதியில் உள்ள அத்தனை ஃபைலையும் கணினியில் ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து வையுங்கள். சில நிமிட வேலை. பிறகு நல்ல கடையில் ஒரு புதுக் கார்டு வாங்கி, ஏற்றும் முன் சோதித்துவிடுங்கள். போலிக் கார்டு 64 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே எட்டோ பதினாறோதான் இருக்கும். விண்டோஸில் H2testw என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் f3 நிறுவிவிட்டு, கார்டு எந்த ஃபோல்டரில் தெரிகிறதோ அதைக் கொடுத்து:

```
f3write /media/card
f3read /media/card
```

கார்டு நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். முடிவில் கெட்ட பகுதி என்று ஏதாவது காட்டினால் அந்தக் கார்டைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

சார்ஜர் பற்றியும் ஒரு வார்த்தை. துளை டைப்-சி என்பதற்காகப் போனின் வேகச் சார்ஜரை மாட்ட வேண்டாம். இந்த விலைக் கருவிகளில் வேகச் சார்ஜருடன் பேசிக்கொள்ளும் சுற்று சரியாக இருப்பதில்லை. பழைய ஐந்து வோல்ட் சார்ஜரும், ஒரு முனை சாதாரண யூஎஸ்பி, மறு முனை டைப்-சி என்றிருக்கும் கேபிளும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது

"பழைய கேம்தானே, இதற்கெல்லாம் உரிமை இருக்குமா" என்பார்கள். இருக்கிறது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. உரிமைக் காலம் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். படைத்தவர் பெயர் தெரியாத படைப்புக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. 1985-இல் வந்த முதல் சூப்பர் மரியோவை அந்தக் குறைந்தபட்சக் கணக்கில் பார்த்தாலும் 2045 முடியும்வரை உரிமை இருக்கும்.

எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள், தன்னளவில் குற்றமல்ல. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி போட்ட வழக்கில், அமெரிக்காவில் 2000-இல் வந்த தீர்ப்பை எல்லோரும் இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் விற்பவர்கள் இதிலும் தவறுகிறார்கள். சூப்பர் நின்டெண்டோ கேம்களுக்கான ஸ்னெஸ்9எக்ஸ் போன்ற சில எமுலேட்டர்கள், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு இலவசமாகத் தரப்பட்டவை. அவற்றைக் கார்டில் போட்டுக் காசுக்கு விற்பது, எமுலேட்டரை எழுதியவர்களின் உரிமையையும் மீறுவதுதான்.

வாங்குபவருக்கு என்ன ஆகும்? மேலே சொன்ன சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு ஐம்பதாயிரத்துக்கு உட்பட்ட அபராதத்தோடு நிறுத்தலாம். வீட்டில் உட்கார்ந்து விளையாடுபவரைத் தேடிக்கொண்டு யாரும் வருவார்கள் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் "தனிப்பட்ட உபயோகத்துக்கு என்றால் தப்பில்லை" என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல.

விற்பவர் கதை வேறு. 2005-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், வணிக வளாகங்களில் கடை போட்டு இப்படிப்பட்ட பெட்டிகளை விற்றவருக்கு ஐந்து ஆண்டு சிறை கிடைத்தது. 2024-இல் இத்தாலியின் டூரின் நகரில் சுமார் 12,000 கருவிகளைப் பறிமுதல் செய்தார்கள். அவற்றில் இருந்த திருட்டு நகல்கள் 4.7 கோடி என்று கணக்குச் சொன்னார்கள். பேட்டரியும் மின்சுற்றும் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை என்பதும் அந்தப் புகாரில் இருந்தது. 2025-இல் அதே நாட்டில், இந்தக் கருவிகளை விமர்சித்து வீடியோ போட்ட ஒருவரின் வீட்டிலேயே சோதனை நடந்து, முப்பதுக்கும் மேற்பட்ட கருவிகளை எடுத்துப் போனார்கள்.

நம் ஊரில் "இரண்டு வாங்கி ஒன்றை விற்றால் ஒன்று இலவசம்" என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திருட்டு நகலை விற்பது இங்கும் பதிப்புரிமை மீறல்தான். 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அலுத்துப்போய்ப் பழைய கருவியைத் தள்ளிவிட நினைத்தாலும், கார்டை எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் விற்பதுதான் பாதுகாப்பு.

இன்னொரு வாதமும் அடிக்கடி கேட்கும்: "சின்ன வயதில் இந்தக் கேசட் என்னிடம் இருந்ததே!" சட்டத்தின் 52(1)(aa) பிரிவு, நிரலின் நகலை முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக அதிலிருந்து இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. முறையாக என்பதும், அதிலிருந்து என்பதும்தான் இதில் முக்கியம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருந்த கன்சோலே நின்டெண்டோவின் நகல். கேசட்டோ இன்னும் மோசம். அதை ஆதாரமாகக் காட்டிப் பயனில்லை. ஒரிஜினல் பிளேஸ்டேஷன் டிஸ்க் வைத்திருப்பவர் நிலை பரவாயில்லை. கணினியின் டிவிடி டிரைவிலேயே அதை நகல் எடுக்க முடியும். கருவியில் உள்ள பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் எமுலேட்டர் கன்சோலைத் தொடங்கி வைக்கும் சோனியின் பயாஸ் ஃபைல் இல்லாமலே பல கேம்களை ஓட்டிவிடும். பயாஸும் பதிப்புரிமைக்கு உட்பட்டதே என்பதால் இது சின்ன விஷயமில்லை.

காலிக் கார்டோடு கருவி, கையிலிருக்கும் போன், உரிமம் பெற்ற பெட்டி

கார்டு இல்லாமலோ, இயங்குதளம் மட்டும் உள்ள கார்டோடோ தரும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். என் தேர்வு அதுதான். கிடைக்காவிட்டால், BOOT ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

அப்புறம் எதை விளையாடுவது என்ற கேள்வி வரும். 2004-இல் ஜப்பானில் ஒரே ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்ட கேவ் ஸ்டோரி இருக்கிறது. அதை ஒன்று முடிக்கவே பல மாலைகள் ஆகும். கேம்பாய்க்கு எழுதிய டோபு டோபு கேர்ள் முழுதும் திறந்த மூலம். டூம் கேமின் முதல் பகுதியை 1993-இலேயே பிறருக்குக் கொடுத்துப் பரப்பச் சொல்லித்தான் வெளியிட்டார்கள். இன்றும் பழைய கன்சோல்களுக்குப் புதிதாகக் கேம் எழுதி, ஃபைலாகவே சில டாலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் தேடுவது குறிப்பிட்ட ஒரு பழைய கேம் என்றால் இந்த வழியில் கிடைக்காது. இதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. இருந்த நல்ல வழிகளும் அடைபடுகின்றன. கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இருந்த, சேகாவின் பழைய மெகா டிரைவ் கன்சோல் கேம்களின் தொகுப்பை வாங்கினால் கேம் ஃபைல்களே கைக்கு வந்தன. 2024 டிசம்பரில் அதன் விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். விற்கவும் மாட்டோம், நகல் எடுத்தால் வழக்கும் போடுவோம் என்கிற நிறுவனங்கள் மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. அதற்காக, கார்டை நகலெடுத்து விற்பவர் ஏதோ பழம்பொருளைப் பாதுகாக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

கையில் ஓரளவு நல்ல ஆண்ட்ராய்டு போன் இருந்தால், நாலாயிரம் ரூபாய்ச் சிப்பைவிட அது பல மடங்கு வேகமானது. பல எமுலேட்டர்களை ஒன்றாகத் தரும் ரெட்ரோஆர்ச் செயலி பிளே ஸ்டோரிலேயே கிடைக்கிறது. ஆப்பிளும் 2024 ஏப்ரலில் எமுலேட்டர்களை அனுமதித்துவிட்டது. ஒரு புளூடூத் கன்ட்ரோலர் வாங்கினால் போதும். குறை என்னவென்றால் போன் போனாகவே இருக்கும். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வரும், குழந்தை கையில் கொடுத்தால் யூடியூபுக்குப் போய்விடும். பெரியவர்களுக்கு இதுவே சரியான வழி. பத்து வயதுப் பிள்ளைக்குத் தனிக் கருவி தேவைப்படுவதே இதனால்தான்.

உரிமம் பெற்றவை என்றால் பிரிட்டனின் பிளேஸ் நிறுவனம் 2020-இல் தொடங்கிய எவர்கேட் கருவி இருக்கிறது. கேம்களைக் கேசட் போலவே தனித்தனியாக வாங்கிச் செருக வேண்டும். அதன் தங்கை என்று சொல்லத்தக்க சூப்பர் பாக்கெட் 2023-இல் வந்தது. கேப்காம் நிறுவனத்தின் கேம்களோடு வரும் பதிப்பில் 12 கேம், எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியவை. எவர்கேட் கேசட்டும் அதில் ஏறும். அமெரிக்காவில் வெளியானபோது அறுபது டாலர் விலை. இங்கே தருவிக்கும்போது அனுப்பும் செலவும் சுங்கமும் சேரும். பழுதானால் திருப்பி அனுப்புவதும் சிரமம். ஆனால் கார்டு இல்லை, இயங்குதளம் ஏற்றும் வேலை இல்லை, .dtb என்றால் என்ன என்று தெரியவேண்டியதும் இல்லை.

கணினியில் கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தவருக்கு R36S-ஐயோ அதற்கு ஒரு படி மேலான அன்பெர்னிக் கருவியையோ கார்டில்லாமல் வாங்கச் சொல்வேன். கார்டு, இயங்குதளம் என்றாலே ஒதுங்குகிறவர் பரிசாகக் கொடுக்க நினைத்தால் சூப்பர் பாக்கெட், விலை அதிகமானாலும். கேம் ஏற்றிய R36S-ஐ அப்படியே வாங்கி அப்படியே விளையாடுவது என்பதை மட்டும் யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால், பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கார்டில்லாமல் தருவீர்களா, ஆன் செய்தால் எந்த இயங்குதளம் வரும், திரை பழுதானால் எத்தனை நாளைக்குள் மாற்றித் தருவீர்கள். மூன்றுக்கும் "சார், 15,000 கேம் இருக்கு" என்றே பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.